ஆலமரத்தடி ஆப்பக்கடையும் பன்னிரண்டு நரம்புகளும்

மருத்துவக் கல்லூரி முதலாண்டு உடற்கூறியல் வைவாவில் "பத்தாவது கபால நரம்பு எது?" என்று கேட்டால், மாணவரின் விரல்கள் மேசைக்குக் கீழே எண்ணத் தொடங்கும். உதடு அசையாமல் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போய், பத்தாவது சொல்லில் நின்று "வேகஸ், சார்" என்பார். விடை சரிதான். "அது கெட்டால் உள்நாக்கு எந்தப் பக்கம் சாயும்?" என்பது அடுத்த கேள்வி. அந்த ஆங்கில வாக்கியத்தில் இதற்குப் பதில் இல்லை.

கபால நரம்புகளை மனப்பாடம் செய்ய உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் வேடிக்கை வாக்கியங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவை வரிசையை நினைவில் நிறுத்தும். வேலையை நினைவில் நிறுத்துவதில்லை. வேலை மனத்தில் பதிய வேண்டுமானால் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, பார்க்காமல் நிரப்பி, திருத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். அந்த வாக்கியங்களில் எவை தேவை, அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும், அதைக் கொண்டு ஒரு நோயாளியை எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பதைப் பார்ப்போம்.

எண் எங்கிருந்து வந்தது?

உடலின் பெரும்பாலான நரம்புகள் தண்டுவடத்திலிருந்து கிளைக்கின்றன. தலைக்கும் கழுத்துக்கும் உரிய பன்னிரண்டு ஜோடிகள் மட்டும் மூளையோடு நேரடியாக இணைந்து, மண்டையோட்டின் துளைகள் வழியே போய்வருகின்றன. இவைதான் கபால நரம்புகள்.

இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை நூலில் ஒன்பது ஜோடிகளே இருந்தன. இன்று ஏழாவது, எட்டாவது என நாம் பிரிக்கும் முக நரம்பும் செவி நரம்பும் அவருக்கு ஒரே ஜோடி. ஜெர்மானியரான சாமுவேல் தாமஸ் சோமரிங் 1778இல் தம் ஆய்வேட்டில் அவற்றைப் பிரித்துப் பன்னிரண்டாக வரிசைப்படுத்தினார். இன்றும் அந்த எண்களே வழக்கில் உள்ளன.

அந்த வரிசை மூளையின் அடிப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக, மேலிருந்து கீழாகப் போகிறது. ஆகவே எண் தெரிந்தால் இடமும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். முதல் இரண்டும் பெருமூளைப் பகுதியைச் சேர்ந்தவை. 3, 4 நடுமூளையிலும், 5 முதல் 8 வரை பான்ஸ் பகுதியிலும், 9 முதல் 12 வரை முகுளத்திலும் அமைந்தவை. இரண்டு, இரண்டு, நான்கு, நான்கு என்று நினைவில் வைத்தால் போதும். எல்லைக்கோட்டில் சில விலகல்கள் உண்டு. தொடக்கத்துக்கு இந்தக் கணக்கு தாங்கும்.

வரிசைக்கு ஒரு வாக்கியம்

மாணவர் விடுதிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஆங்கில வாக்கியங்களில் ஒன்று: "ஓ ஓ ஓ டு டச் அண்ட் ஃபீல் வெரி குட் வெல்வெட், ஆ ஹெவன்." ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு நரம்பின் பெயருக்கு முதல் எழுத்து. ஆனால் இதில் மூன்று 'ஓ', இரண்டு 'டி', இரண்டு 'வி', இரண்டு 'ஏ' இருக்கின்றன. பன்னிரண்டில் ஒன்பது இடங்களில் எழுத்து மட்டும் தெரிந்து பயனில்லை. தேர்வு அறையில் ட்ரோக்ளியர் முன்னா, ட்ரைஜெமினல் முன்னா என்று குழம்புவது இதனால்தான்.

தமிழ் எழுத்து இங்கே கைகொடுக்கிறது. நம் எழுத்து உயிரையும் மெய்யையும் சேர்த்தே காட்டுவதால் 'வெ'யும் 'வே'யும் வேறு, 'டோ'வும் 'டை'யும் வேறு. பெயர்களைத் தமிழில் எழுதிப் பார்த்து, அவற்றின் முதல் அசைக்கு ஏற்ப நான் கட்டிய வாக்கியம் இது:

"ஆலமரத்தடி ஆப்பக்கடையில் ஆக்கியதும் டோக்கன் டைப்படித்தார் அப்பா, ஃபேனடியில் வெல்லம் கிள்ளினாள் வேர்க்கடலையோடு அக்கா, ஹையா!"

பன்னிரண்டு சொற்கள். ஆல் என்பது ஆல்ஃபேக்டரி, ஆப் என்பது ஆப்டிக், ஆக் என்பது ஆக்குலோமோட்டார். டோக்கன் ட்ரோக்ளியருக்கு, டைப்படித்தார் ட்ரைஜெமினலுக்கு. அப்பா என்றால் அப்டுசென்ஸ். ஃபேன் ஃபேசியலையும் வெல்லம் வெஸ்டிபுலோகாக்ளியரையும் கிள்ளினாள் கிளாசோஃபாரிஞ்சியலையும் சுட்டும். வேர்க்கடலை வேகஸ், அக்கா அக்ஸசரி, ஹையா ஹைப்போகிளாசல். ஒரே அசை இரு பெயருக்கு நிற்கும் தொல்லை இதில் இல்லை. ஆறாவதாக அப்பாவும் பதினொன்றாவதாக அக்காவும் நிற்பதால், 'ஏ'யில் தொடங்கும் அந்த இரண்டும் இடம் மாறாது.

வாக்கியம் அசட்டுத்தனமாக இருப்பது குறையில்லை. ஆலமரத்தடியில் மின்விசிறி சுற்றுவதை மனம் ஒருமுறை படமாகப் பார்த்துவிட்டால் எளிதில் மறக்காது. உங்கள் வீட்டு ஆட்களை வைத்து இதைவிட அசட்டுத்தனமாக ஒன்று கட்டினால் இன்னும் நல்லது.

மூன்று எண் சூத்திரங்கள்

வரிசை வந்தபின், ஒவ்வொரு நரம்பும் எந்த வகை என்று தெரிய வேண்டும். சில நரம்புகள் உணர்வைக் கொண்டுவருபவை. சில தசைகளை இயக்குபவை. சில இரண்டும் செய்பவை. இதற்கும் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம் உண்டு. அது தேவையில்லை. உணர்வு மட்டும் உடையவை 1, 2, 8. கலப்பு 5, 7, 9, 10. மீதி ஐந்தும் இயக்கம். எண்ணில் வைத்துக்கொள்வது வாக்கியத்தைவிடச் சுலபம்.

இரண்டாவது சூத்திரம் கண்ணுக்கானது. LR6SO4 என்று எழுதுவார்கள். வேதியியல் சேர்மம்போலத் தோன்றுவதுதான் இதன் கவர்ச்சி. LR என்பது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் லேட்டரல் ரெக்டஸ் தசை. அதை இயக்குவது 6. SO என்பது சுப்பீரியர் ஆப்ளிக் தசை. அதை இயக்குவது 4. கண்விழியை நகர்த்தும் ஆறு தசைகளில் மற்ற நான்கும் மூன்றாவது நரம்பின் பொறுப்பு.

மூன்றாவது 1973. இது ஓர் ஆண்டுபோல நினைவில் நிற்கும். உண்மையில் 10, 9, 7, 3 என்ற நான்கு நரம்புகள். நம் விருப்பமின்றி நடக்கும் வேலைகளைக் கவனிக்கும் பாராசிம்பதெட்டிக் இழைகள் இந்த நான்கில்தான் போகின்றன. பத்தாவது நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும், குடலை இயக்கும். ஒன்பதாவது காதுக்கு முன்னுள்ள பரோடிட் சுரப்பியில் உமிழ்நீர் சுரக்க வைக்கும். ஏழாவது கண்ணீரையும் மற்ற உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, கண்மணியைச் சுருக்கும்.

மூன்றாவது நரம்பை வகைப் பட்டியலில் 'இயக்கம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற மாணவர், கண்மணியை மறந்துவிடுவார். மருத்துவமனையில் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய குறிப்பு அந்தக் கண்மணியில் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

தாள்

ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்காகத் திருப்பி ஐந்து பத்தியாகப் பிரியுங்கள்: எண்ணும் பெயரும், வகை, வேலை, சோதனை, கெட்டால் தெரிவது. பன்னிரண்டு வரிகள். மண்டையோட்டுத் துளைகளின் பெயர்களை இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தனித்தாள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால் நிரப்பும் பழக்கமே நின்றுவிடும். நிரப்பிய தாள் இப்படி இருக்கும்:

1. ஆல்ஃபேக்டரி. உணர்வு. மணம் அறிதல். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத்துளையை அடைத்து, மற்றதில் காப்பித்தூள் அல்லது கிராம்பு காட்ட வேண்டும். கெட்டால் மணம் தெரியாது.

2. ஆப்டிக். உணர்வு. பார்வை. எழுத்து அட்டை, பக்கவாட்டுப் பார்வை, டார்ச். கெட்டால் அந்தக் கண்ணில் பார்வை குறையும்.

3. ஆக்குலோமோட்டார். இயக்கம், கூடவே பாராசிம்பதெட்டிக். கண்ணின் நான்கு தசைகள், மேல் இமையை உயர்த்துதல், கண்மணியைச் சுருக்குதல். விரலைப் பின்தொடரச் சொல்லுதல், டார்ச். கெட்டால் இமை இறங்கும், கண் கீழும் வெளியும் திரும்பி நிற்கும், கண்மணி விரியலாம்.

4. ட்ரோக்ளியர். இயக்கம். ஒரே தசை. கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி, அங்கிருந்து கீழே பார்க்கச் சொல்லுதல். கெட்டால் படியிறங்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை உருவம் தெரியும்.

5. ட்ரைஜெமினல். கலப்பு. முகத்தின் தொடுவுணர்வு, மெல்லும் தசைகள். முகத்தில் மூன்று இடங்களில் பஞ்சால் தொடுதல், பல்லைக் கடிக்கச் சொல்லுதல். கெட்டால் முகம் மரத்துப்போகும்; வாய் திறந்தால் தாடை கெட்ட பக்கம் சாயும்.

6. அப்டுசென்ஸ். இயக்கம். கண்ணை வெளிப்பக்கம் திருப்புதல். கெட்டால் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கும். பக்கத்தில் பக்கமாக இரட்டை உருவம் தெரியும்.

7. ஃபேசியல். கலப்பு, பாராசிம்பதெட்டிக். முகபாவத் தசைகள், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் சுவை, கண்ணீர், உமிழ்நீர். நெற்றியைச் சுருக்கவும் கண்ணை இறுக மூடவும் பல்லைக் காட்டவும் சொல்லுதல். கெட்டால் அந்தப் பக்கக் கண் மூடாது. வாய் நல்ல பக்கம் இழுபடும்.

8. வெஸ்டிபுலோகாக்ளியர். உணர்வு. கேட்டல், சமநிலை. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. கெட்டால் காது மந்தம், தலைசுற்றல்.

9. கிளாசோஃபாரிஞ்சியல். கலப்பு, பாராசிம்பதெட்டிக். நாக்கின் பின் மூன்றில் ஒரு பங்கில் சுவையும் தொடுவுணர்வும், தொண்டையின் உணர்வு, பரோடிட். தொண்டைப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தல். கெட்டால் அங்கே உணர்வு இராது.

10. வேகஸ். கலப்பு, பாராசிம்பதெட்டிக். மெல்லண்ணம், குரல்வளை, இதயம், குடல். "ஆ" சொல்லச் சொல்லுதல். கெட்டால் உள்நாக்கு நல்ல பக்கம் இழுபடும், குரல் கம்மும்.

11. அக்ஸசரி. இயக்கம். தோளை உயர்த்துதல், தலையைத் திருப்புதல். கையால் அழுத்தி எதிர்க்கச் சொல்லுதல். வலது நரம்பு கெட்டால் வலது தோள் தொங்கும். தலையை இடப்பக்கம் திருப்ப வலுவிராது.

12. ஹைப்போகிளாசல். இயக்கம். நாக்கு. நாக்கை நீட்டச் சொல்லுதல். கெட்டால் நாக்கு கெட்ட பக்கம் சாயும். அந்தப் பாதி சூம்பும்.

முதல் வரியில் ஒரு பொறி இருக்கிறது. மணத்தைச் சோதிக்க அமோனியாபோலக் காரமான நெடியைப் பயன்படுத்தக் கூடாது. அது மூக்கின் உட்சவ்வை எரிச்சலூட்டி ஐந்தாவது நரம்பைத் தூண்டிவிடும். முதல் நரம்பு செத்துப்போனவரும் "ஏதோ தெரிகிறது" என்பார்.

எந்தப் பக்கம் சாயும்?

தாளை நிரப்பும்போது அதிகம் தவறுவது கடைசிப் பத்தியில்தான். நாக்கு கெட்ட பக்கம் சாய்கிறது, தாடையும் கெட்ட பக்கம் சாய்கிறது, உள்நாக்கு மட்டும் ஏன் நல்ல பக்கம் போகிறது? இதை மனப்பாடம் செய்தால் தேர்வு நேரத்தில் நிச்சயம் மாறும். காரணம் தெரிந்தால் மாறாது.

நாக்கை வெளியே நீட்டும் தசை தள்ளும் தசை. வலது தசை நாக்கை முன்னும் இடப்பக்கமும் தள்ளும். இடது தசை முன்னும் வலப்பக்கமும் தள்ளும். இரண்டும் சமமாகத் தள்ளினால் நாக்கு நேராக வரும். வலப்பக்க நரம்பு கெட்டால் இடது தசை மட்டுமே தள்ளும். நாக்கு வலப்பக்கம், அதாவது கெட்ட பக்கம் போகும். வாயைத் திறக்கும்போது தாடையை முன்னே தள்ளும் தசைக்கும் இதே கதைதான்.

மெல்லண்ணத்தை உயர்த்தும் தசையோ இழுக்கும் தசை. தன் பக்கமாக மேலே இழுக்கும். வலது கெட்டால் இடது மட்டும் இழுக்க, உள்நாக்கு இடப்பக்கம், அதாவது நல்ல பக்கம் போகும். முகத்தில் வாயின் ஓரமும் அப்படியே. ஆக ஒரே விதி போதும்: தள்ளும் தசை செத்தால் கெட்ட பக்கம், இழுக்கும் தசை செத்தால் நல்ல பக்கம். வைவாவில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

இன்னொரு குழப்பம் இமையில் வரும். கண்ணைத் திறப்பது 3, மூடுவது 7. ரோமன் எண்ணில் III மூன்று தூணாக நின்று இமையைத் தாங்குகிறது, 7 கொக்கியாக மாட்டிக் கீழே இழுக்கிறது என்று எண்ணின் வடிவத்தையே பிடித்துக்கொள்ளும் பழைய உத்தி ஒன்று உண்டு. இமை தொங்கினால் மூன்றைத் தேடுங்கள். கண் மூடாமல் விழித்தபடி நின்றால் ஏழைத் தேடுங்கள்.

எப்படி நிரப்புவது?

தாளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமான வேலை; எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் என்று மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மருத்துவ மாணவருக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளை நிரப்புங்கள். முதலில் எண்ணையும் பெயரையும் மேலிருந்து கீழாக எழுதி, தெரிந்த கட்டங்களை நிரப்புங்கள். தெரியாததை ஊகித்தாவது எழுதுங்கள். பிறகு சிவப்பு மையில் திருத்துங்கள். அன்று மாலை ஒருமுறை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் புதுத் தாள். சிவப்பு விழுந்த கட்டங்களை மட்டும் ஒரு சீட்டில் குறித்து வைத்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

வரிசைப்படி தவறில்லாமல் எழுத வந்ததும் வரிசையைக் கைவிடுங்கள். பன்னிரண்டு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். பத்து என்று வந்தால் ஆலமரத்தடியிலிருந்து தொடங்காமல் நேராக வேகஸ் வர வேண்டும். வாக்கியத்தை முழுக்கச் சொல்லித்தான் விடை வருகிறது என்றால், இன்னும் அந்த நரம்பு பழக்கமாகவில்லை.

கடைசிப் பயிற்சிதான் முக்கியமானது. தாளை வலமிருந்து இடமாக நிரப்ப வேண்டும். அறிகுறியை மட்டும் எழுதிக்கொண்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். எந்த நோயாளியும் "எனக்கு நாலாவது நரம்பு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "படியிறங்கும்போது ஒரு படி ரெண்டாத் தெரியுது டாக்டர்" என்றுதான் வருவார். அதைக் கேட்டதும் 4 என்று வர வேண்டும்.

இதோடு அனிச்சைச் செயல்களுக்கான மூன்று ஜோடிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணில் டார்ச் அடித்தால் செய்தியை உள்ளே கொண்டுபோவது 2, கண்மணியைச் சுருக்குவது 3. கருவிழியைப் பஞ்சால் தொட்டால் உள்ளே 5, இமையை மூடும் கட்டளை 7. தொண்டையைத் தொட்டால் உள்ளே 9, குமட்டும் அசைவு பெரும்பாலும் 10. 2-3, 5-7, 9-10 என்று எழுதி வையுங்கள்.

ஒரு நோயாளி

தாள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, தேர்வுகளில் அடிக்கடி வரும் வகை நோயாளி ஒருவரைக் கற்பனை செய்வோம். வயது 58. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் எழுந்தபோது வலது கண் இமை திறக்கவில்லை.

இமை தொங்குகிறது, எனவே முதல் ஊகம் 3. இமையை விரலால் தூக்கினால் "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்கிறார். கண் கீழும் வெளியும் திரும்பி நிற்கிறது. ஏன் அப்படி? LR6SO4ஐ எடுங்கள். மூன்றாவது நரம்பின் நான்கு தசைகளும் செத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு. ஆறாவது நரம்பு கண்ணை வெளியே இழுக்கிறது, நான்காவது கீழே இழுக்க முயல்கிறது. கண்ணின் நிலையைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சூத்திரத்திலிருந்தே வந்துவிட்டது.

ஆனால் நான்காவது உண்மையிலேயே நலமாக இருக்கிறதா? வழக்கமான சோதனை இங்கே நடக்காது. கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவரும் தசை மூன்றாவது நரம்புக்கு உரியது. அதுதான் செத்துக் கிடக்கிறதே. அதனால் அவரைக் கீழே பார்க்கச் சொல்லி, வெள்ளைவிழியில் தெரியும் சிறு ரத்தக்குழாய் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண் கீழே போகாவிட்டாலும் மூக்கை நோக்கிச் சற்றே சுழன்றால் நான்காவது உயிரோடு இருக்கிறது. வெளிப்பக்கம் பார்க்கச் சொன்னால் கண் இன்னும் வெளியே போகிறது, ஆறாவதும் நலம். நெற்றியில் பஞ்சு பட்டால் தெரிகிறது. ஐந்தாவதன் முதற்கிளையும் நலம். இந்த எல்லா நரம்புகளும் கண்ணுக்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் என்ற இடத்தில் நெருங்கி ஓடுகின்றன. அவற்றில் பல ஒன்றாகக் கெட்டிருந்தால் அந்த இடத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும். இவருக்கு மூன்று மட்டுமே.

இப்போது 1973. டார்ச் அடிக்கிறோம். வலது கண்மணி இடதைப்போலவே இருக்கிறது, ஒளிபட்டதும் சுருங்குகிறது. மூன்றாவது நரம்பின் தசை இழைகள் முழுவதும் முடங்கியும் கண்மணி இழைகள் தப்பித்திருக்கின்றன.

கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்புறத்தில், மேற்பரப்பை ஒட்டி ஓடுகின்றன. சர்க்கரை நோயில் நரம்புக்கு உணவூட்டும் சிறு ரத்தக்குழாய்கள் அடைபடும்போது நடுப்பகுதி பட்டினி கிடக்கும். வெளிப்புறம் பெரும்பாலும் தப்பிவிடும். வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் நிலைமை தலைகீழ். முதலில் நசுங்குவது வெளிப்புற இழைகள், முதலில் விரிவது கண்மணி.

இதே மனிதருக்குக் கண்மணி விரிந்து, ஒளிபட்டும் சுருங்காமல், கடும் தலைவலியும் இருந்தால் கதை வேறு. மூன்றாவது நரம்புக்குப் பக்கத்தில் ஓடும் போஸ்டீரியர் கம்யூனிகேட்டிங் தமனியில் பலூன்போல வீக்கம் ஏற்பட்டு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும், பலர் பிழைப்பதில்லை. அவரை அந்த நிமிடமே ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். முதல் வகை நோயாளிக்கு, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்திக் கவனித்து வந்தால், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் கண் தானே சரியாகும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கண்மணி தப்பியிருந்தால் ஆபத்தே இல்லை என்பது விதியல்ல. இமை பாதி இறங்கியிருக்கிறது, கண் கொஞ்சம் அசைகிறது என்று முடக்கம் அரைகுறையாக இருந்தால், இன்று சுருங்கும் கண்மணி நாளை விரியலாம். இன்றைய மருத்துவர்கள் பலரும் இத்தகையவர்களுக்கு ஸ்கேன் எடுத்தே முடிவு செய்கிறார்கள்.

தாளின் எல்லை

இந்தத் தாள் நரம்பைப் பற்றியது. நரம்புக்குக் கட்டளையிடும் மூளைப்பகுதியைப் பற்றியதல்ல. அந்த வேறுபாடு ஏழாவது வரியில் பளிச்சென்று தெரியும். ஏழாவது நரம்பே கெட்டால் பாதி முகம் முழுக்கச் செயலிழக்கும். நெற்றி சுருங்காது, கண் மூடாது, வாய் கோணும். பெல்ஸ் பால்சி என்பது இது. பக்கவாதத்தில் மூளைப்பகுதி கெட்டால் வாய் கோணினாலும் நெற்றி பொதுவாகச் சுருங்கும். நெற்றிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதால் ஒன்று போனாலும் மற்றது தாங்குகிறது. முகம் கோணியவரிடம் முதலில் "நெற்றியைச் சுருக்குங்கள்" என்று கேட்பது இதற்காகத்தான். ஏழாவது வரியின் கடைசிக் கட்டத்தில் 'நெற்றி?' என்று கேள்விக்குறியோடு எழுதி வையுங்கள். மூளைத்தண்டிலேயே ஏற்படும் பக்கவாதமும் சில காதுத் தொற்றுகளும் நெற்றியைச் சேர்த்து முடக்கக்கூடும் என்பதால், நெற்றி சுருங்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப்பக்கடை வாக்கியத்தை ஒரே மாலையில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தையெல்லாம் தாளின் கடைசிப் பத்திக்குக் கொடுங்கள். மாணவரல்லாத வாசகர்களுக்கு அந்தப் பத்தியிலிருந்து இரண்டே வரி போதும். திடீரென்று ஓர் இமை இறங்கினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ, வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாய் கோணினால் நெற்றி சுருங்குகிறதா என்று வீட்டில் ஆராய வேண்டாம்; அதை மருத்துவர் பார்ப்பார். பக்கவாத சிகிச்சையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.